இரண்டு பெருக்கல் குறிகள்

வாட்ஸ்அப்பில் வரும் வேதியியல் கேள்விகள் பெரும்பாலும் சாய்ந்துதான் வருகின்றன. தாளின் ஒரு பக்கம் கை நிழலில் இருக்கும், மறுபக்கம் வெட்டுப்பட்டிருக்கும். கீழே "இதை எப்படிப் போடுறது?" என்று ஒரு வரி. லண்டனிலோ சிங்கப்பூரிலோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும், சென்னையிலும் கொழும்பிலும் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் படிப்பவர்களும் அனுப்பும் கேள்விகளில் ஒரு வகை திரும்பத் திரும்ப வரும். ‘டாட் அண்ட் கிராஸ்’ படம் வரைக, மூலக்கூறின் வடிவம் என்ன, பிணைப்புக் கோணம் எவ்வளவு, ஏன்?

பதில் சொல்பவருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. கேட்பது படம், பதில் போவதோ பேச்சாகவோ தட்டச்சு செய்த நாலு வரியாகவோதான். ஆகவே படத்தைச் சொல்லால் வரைய வேண்டியிருக்கிறது. வேண்டாவெறுப்பாகச் செய்யும் இந்த வேலைக்கு ஒரு பலன் இருக்கிறது. தாளில் வரையும்போது ஒரு மூலையில் விட்டுப்போன புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வாய்விட்டுச் சொல்லும்போது அது உடனே அகப்பட்டுவிடும். மூலக்கூறின் வடிவத்தைத் தீர்மானிப்பதோ, பல சமயம், அப்படி விட்டுப்போகும் குறிகள்தாம்.

முதலில் படம் என்னவென்று பார்த்துவிடலாம். அணுவின் வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள்தாம் பிணைப்பில் ஈடுபடுகின்றன. 1916-இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்வதே பிணைப்பு என்று எழுதினார். அந்த ஜோடியை இரண்டு புள்ளிகளாகக் குறித்தார். தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கும் ‘லூயிஸ் புள்ளி அமைப்பு’ இதிலிருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் வழித் தேர்வுகளில் கூடுதலாக ஒன்று கேட்பார்கள். எந்த எலக்ட்ரான் எந்த அணுவிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். ஓர் அணுவின் எலக்ட்ரான்களுக்குப் புள்ளி, மற்றதன் எலக்ட்ரான்களுக்குப் பெருக்கல் குறி. பிணைப்பு உண்டான பிறகு எலக்ட்ரான்களுக்குள் எந்த வேறுபாடும் கிடையாது; குறி நம் கணக்குக்காக மட்டும்.

வடிவத்துக்கு வேறொரு விதி. ரொனால்ட் கில்லஸ்பி, ரொனால்ட் நைஹோம் என்ற இருவர் 1957-இல் அதை இன்று பாடத்தில் இருக்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே 1940-இல் சிட்விக், பவல் என்ற இருவர் அடிப்படையைச் சொல்லியிருந்தார்கள். நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்தவரை தள்ளித் தள்ளி நிற்கும் என்பதே விதி. நாலு பலூன்களின் வாய்களை ஒரே முடிச்சில் கட்டிப் பாருங்கள். யாரும் சொல்லாமலே அவை நான்முகியின் நாலு மூலைகளை நோக்கித் திரும்பிக்கொள்ளும். மூன்று பலூன் என்றால் ஒரே தளத்தில் முக்கோணமாக விரியும். இரண்டு என்றால் எதிரெதிரே. எலக்ட்ரான் இரட்டைகளும் அப்படித்தான் நிற்கின்றன: இரண்டுக்கு 180 பாகை, மூன்றுக்கு 120, நாலுக்கு 109.5.

இனி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு முழுக்கப் போட்டுப் பார்ப்போம். அம்மோனியாவும் (NH3) போரான் டிரைபுளூரைடும் (BF3) சேர்ந்து H3NBF3 என்ற ஒரே மூலக்கூறாகின்றன. 1809-இலேயே கே-லுசாக் இப்படிச் சேர்த்துப் பார்த்துவிட்டார். இன்று இது மேல்நிலைத் தேர்வுகளில் வாடிக்கையான கேள்வி. NH3, BF3 இரண்டுக்கும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை மட்டும் காட்டிப் படம் வரைக. வடிவமும் கோணமும் கூறுக. இரண்டும் சேரும்போது உண்டாகும் பிணைப்பின் வகை என்ன. சேர்ந்த பின் F-B-F கோணம் எப்படி மாறும்?

புகைப்படத்தை முதலில் சரியாகப் படிக்க வேண்டும். கேட்பவரிடம் தயங்காமல் திருப்பிக் கேட்க வேண்டிய இடம் இது. BF3 என்றுதான் இருக்கிறதா, நடுவில் ஒரு சின்ன r மங்கிப்போய் BrF3 ஆக இருக்கிறதா? ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் போரானுக்கு வெளிக்கூட்டில் 3 எலக்ட்ரான், புரோமினுக்கு 7. முன்னது தட்டையான முக்கோணம், பின்னது ஆங்கில T எழுத்தைப்போல. அதேபோல் வாய்பாட்டின் வலது தோளில் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இருந்து படத்தில் வெட்டுப்பட்டிருக்கலாம். NH4 என்று மட்டும் தெரிந்தால் நைட்ரஜனின் 5-உம் ஹைட்ரஜன்களின் 4-உம் சேர்ந்து 9 ஆகும். பள்ளிக் கேள்விகளில் ஒற்றைப்படை எண் வந்தால் பெரும்பாலும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இங்கே விட்டுப்போனது கூட்டல் குறி. ஓர் எலக்ட்ரானைக் கழித்தால் 8. அது NH4+, அம்மோனியம் அயனி. ‘வெளிக்கூடு மட்டும்’ என்ற சொற்றொடர் படத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மதிப்பெண்ணையும் வெட்டாமல் அனுப்பச் சொல்வது நல்லது. ஒரு மதிப்பெண் என்றால் வடிவத்தின் பெயர் போதும். மூன்று என்றால் காரணமும் எழுதியாக வேண்டும்.

இப்போது அம்மோனியா. எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். நைட்ரஜனுக்கு 5, ஹைட்ரஜன்களுக்கு ஒவ்வொன்றாக 3, மொத்தம் 8. நைட்ரஜனின் எலக்ட்ரான்களைப் பெருக்கல் குறியாகவும் ஹைட்ரஜனுடையதைப் புள்ளியாகவும் வைத்துக்கொள்வோம். எதிரே தாளும் பென்சிலுமாக இருப்பவரிடம் இப்படிச் சொல்லலாம்:

"நடுவில் ஒரு பெரிய வட்டம் போட்டு N என்று எழுது. இடப்பக்கம், வலப்பக்கம், கீழே என்று மூன்று சின்ன வட்டம், ஒவ்வொன்றிலும் H. ஒவ்வொரு சின்ன வட்டமும் பெரிய வட்டத்தின்மேல் கொஞ்சம் ஏறியிருக்கட்டும். அப்படி ஏறியிருக்கும் மூன்று இடத்திலும் ஒரு பெருக்கல் குறி, ஒரு புள்ளி. பெரிய வட்டத்துக்குள் மேல்பக்கம், எந்த H-உம் தொடாத இடத்தில், இரண்டு பெருக்கல் குறி பக்கத்தில் பக்கத்தில். H-களில் வேறு எதுவும் இல்லை."

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நடு அணு முதலில், பிறகு அதைச் சுற்றியுள்ள அணுக்கள், பிறகு பகிரும் இடங்கள், பிறகு நடு அணுவின் பகிராத எலக்ட்ரான்கள், கடைசியில் வெளி அணுக்களின் மீதி. கேட்பவர் பார்வையற்றவராக இருந்தாலும் படம் மனத்தில் இந்த வரிசையில் கட்டிவிடும். சொல்லி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். பகிரும் இடங்களில் 6, மேலே 2, மொத்தம் 8. தொடக்கத்தில் போட்ட கணக்கும் 8.

மேலே இருக்கும் அந்த இரண்டு பெருக்கல் குறிகள்தாம் பலருக்கும் விட்டுப்போகின்றன. அவை எந்த அணுவையும் பிணைக்கவில்லை என்பதால் வரைபவரின் கவனம் அங்கே போவதில்லை. அதற்குத் தனி இரட்டை என்று பெயர். அதை விட்டுவிட்டால் நைட்ரஜனைச் சுற்றி மூன்று இரட்டைகள்தாம் மிஞ்சும். விதிப்படி அம்மோனியா தட்டையான முக்கோணம், 120 பாகை என்று விடை வந்துவிடும். படத்தில் ஒரு தவறு, வடிவத்தில் ஒரு தவறு, கோணத்தில் ஒரு தவறு என்று ஒன்றன்பின் ஒன்றாக மதிப்பெண் போகும். "மேலே என்ன இருக்கிறது?" என்று கேட்டுச் சொல்லவைத்தால் இது நடக்காது.

உண்மையில் அம்மோனியாவில் நாலு இரட்டைகள் இருக்கின்றன: மூன்று பிணைப்பு இரட்டை, ஒரு தனி இரட்டை. நாலும் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன. ஆனால் வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டுமே பார்ப்பார்கள். தனி இரட்டை இருக்கும் மூலையில் அணு இல்லை. மீதி மூன்று H-உம் ஒரு முக்கோண அடித்தளமாக, N அதற்கு மேலே உச்சியாக நிற்கிறது. ஆகவே முக்கோணப் பிரமிடு. ‘நான்முகி’ என்று எழுதுபவர் இரட்டைகளின் அமைப்பைச் சொல்கிறார். கேட்டது மூலக்கூறின் வடிவம்.

கோணம் 109.5 ஆகவும் இருக்காது. பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் இரண்டு பக்கமும் இழுத்து வைத்திருக்கின்றன. தனி இரட்டையை இழுப்பது ஒரே அணுக்கரு. அதனால் அது நடு அணுவுக்கு அருகிலேயே, அகலமாகப் பரவி நிற்கிறது. பக்கத்து இரட்டைகளை இன்னும் கொஞ்சம் நெருக்கித் தள்ளுகிறது. அம்மோனியாவில் H-N-H கோணம் சுமார் 107 பாகை. இரண்டு தனி இரட்டை உள்ள தண்ணீரில் 104.5. ஒரு தனி இரட்டைக்கு 2.5 பாகை குறைக்க வேண்டும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இந்த இரண்டு எண்களிலிருந்துதான். இந்தக் கணக்கு எங்கே உதவாது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. சொன்னபடி வரைந்தால் தாளில் H-கள் இடமும் வலமும் கீழேயுமாக, செங்கோணத்தில் நிற்கும். அதைப் பார்த்து 90 பாகை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். புள்ளி-பெருக்கல் படத்துக்குத் திசை கிடையாது. அது எண்ணிக்கையை மட்டும் காட்டுகிறது. H-களை எந்தப் பக்கம் வைத்தாலும் படம் சரிதான். வடிவத்தைக் காட்டக் கேட்டால் வேறு படம் வரைய வேண்டும். அதையும் சொல்லால் சொல்லலாம்: "N-இலிருந்து இடப்பக்கம் கீழ்நோக்கி ஒரு சாதாரணக் கோடு. வலப்பக்கம் கீழ்நோக்கி இரண்டு: ஒன்று உன்னைப் பார்த்து வருவதுபோல் நுனியில் அகலமாகும் கறுப்பு ஆப்பு, மற்றது பின்னால் போவதுபோல் சின்னச் சின்னக் கோடுகளால் ஆன ஆப்பு. N-இன் தலைமேல் இரண்டு புள்ளி."

அடுத்தது BF3. போரானுக்கு 3, புளூரினுக்கு 7; மூன்று புளூரினுக்கு 21. மொத்தம் 24. இந்தப் படத்தில் புளூரினுக்குப் புள்ளி, போரானுக்குப் பெருக்கல் குறி.

"நடுவில் B. சுற்றி மூன்று F. B-யும் ஒவ்வொரு F-உம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி, ஒரு புள்ளி. ஒவ்வொரு F-இலும் பகிராத புள்ளிகள் ஆறு, மூன்று ஜோடியாக. B-யில் வேறு எதுவும் இல்லை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்று பழகிய கை, போரானின்மேல் இல்லாத ஒரு ஜோடியைப் போட்டுவிடும். ‘வேறு எதுவும் இல்லை’ என்பதும் படத்தின் ஒரு பகுதிதான். எண்ணிப் பார்த்தால் பகிர்வில் 6, F-களில் 18, ஆக 24. இன்னொரு ஜோடியைச் சேர்த்தால் 26 ஆகி, தவறு வெளியே வந்துவிடும். போரானைச் சுற்றி ஆறே எலக்ட்ரான், மூன்று பிணைப்பு இரட்டை, தனி இரட்டை இல்லை. தட்டையான முக்கோணம், 120 பாகை. F-களில் இருக்கும் ஒன்பது தனி இரட்டைகள் இந்தக் கணக்கில் வருவதில்லை. வடிவத்துக்கு நடு அணுவைச் சுற்றியிருப்பவை மட்டுமே.

NH3, BF3 என்று வாய்பாட்டைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி: ஒரு நடு அணு, மூன்று வெளி அணுக்கள். ஒன்று பிரமிடு, மற்றது தட்டை. வேறுபாடு முழுவதும் அந்த இரண்டு பெருக்கல் குறிகளில் இருக்கிறது. இரண்டும் சேருவதும் அவற்றால்தான். நைட்ரஜனிடம் பயன்படாத ஒரு ஜோடி. போரானிடம் ஒரு ஜோடிக்கான இடம் காலி.

சேர்ந்த மூலக்கூறின் படத்தில் புள்ளி, பெருக்கல் இரண்டும் போதாது. போரானுக்கு மூன்றாவதாக ஒரு குறி வேண்டும். சின்ன முக்கோணம் என்று வைப்போம். நைட்ரஜனுக்குப் பெருக்கல், ஹைட்ரஜனுக்கும் புளூரினுக்கும் புள்ளி. N-H இடங்கள் மூன்றிலும் ஒரு பெருக்கல், ஒரு புள்ளி. B-F இடங்கள் மூன்றிலும் ஒரு முக்கோணம், ஒரு புள்ளி. F-களில் ஆறாறு புள்ளிகள். N-க்கும் B-க்கும் நடுவில் இரண்டு பெருக்கல் குறிகள். மொத்தம் 8-உம் 24-உம் சேர்ந்து 32. படத்தில் எண்ணினால்: 6, 6, 18, 2.

ஒரு பிணைப்பில் இரண்டு எலக்ட்ரானும் ஒரே குறியாக இருந்தால் அது ஈதல் சகப்பிணைப்பு. இரண்டு எலக்ட்ரானையும் ஒரே அணு கொடுத்திருக்கிறது. புள்ளியும் பெருக்கலும் தனித்தனியே இருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. ஆனால் இதை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. அம்மோனியம் அயனியைப் படம் போட்டால் மூன்று பிணைப்பில் புள்ளியும் பெருக்கலும், நாலாவதில் இரண்டு பெருக்கல் என்று வரும். பார்த்தால் நாலாவது வேறு ரகம் என்று தோன்றும். அயனியில் நாலு N-H பிணைப்புகளும் ஒரே நீளம், ஒரே வலிமை. எது எப்படி வந்தது என்ற வரலாறு படத்தில் இருக்கிறது, அயனியில் இல்லை. அயனியைச் சொல்லால் வரையும்போது முழுப் படத்தையும் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, வெளியே வலது மேல்பக்கம் கூட்டல் குறி என்று சேர்க்க மறக்கக் கூடாது. தனி மதிப்பெண் அதற்கு இருக்கும்.

கேள்வியின் கடைசிப் பகுதி: F-B-F கோணம் எப்படி மாறும்? சேருமுன் போரானைச் சுற்றி மூன்று இரட்டை, இப்போது நாலு. நாலும் விலகி நிற்க நான்முகியாகத்தான் முடியும். ஆகவே 120-இலிருந்து 109.5-ஐ ஒட்டிக் குறைகிறது. தட்டையாக இருந்த மூன்று F-உம் குடை மடங்கும் திசையில் பின்னுக்குச் சாய்கின்றன. H-N-H கோணத்தைக் கேட்டாலும் பதில் இருக்கிறது. நெருக்கிக்கொண்டிருந்த தனி இரட்டை பிணைப்பு இரட்டையாகிவிட்டதால் 107-இலிருந்து 109.5 பக்கம் கொஞ்சம் கூடும். தேர்வுக்கு 109.5 என்று எழுதினால் போதும். அளந்தால் துல்லியமாக அதே எண் வர வேண்டும் என்பதில்லை. போரானைச் சுற்றி மூன்று F, ஒரு N என்று வேறு வேறு அணுக்கள் நிற்பதால் நாலு மூலையும் சமமல்ல.

இந்த முறை எதுவரை போகும் என்பதையும் கேட்பவரிடம் சொல்லிவிடுவது நேர்மை. அம்மோனியாவுக்கு நேர் கீழே பாஸ்பரஸ் இருக்கிறது. PH3-க்கும் எட்டு எலக்ட்ரான், மூன்று பிணைப்பு இரட்டை, ஒரு தனி இரட்டை. மனப்பாடக் கணக்குப்படி 107 வர வேண்டும். அளந்த கோணம் சுமார் 93.5. தண்ணீருக்குக் கீழே உள்ள ஹைட்ரஜன் சல்பைடில் சுமார் 92. வடிவத்தின் பெயர் இரண்டிலும் சரியாகவே வருகிறது: ஒன்று பிரமிடு, மற்றது வளைந்தது. எண் மட்டும் ஒத்துவரவில்லை. நடு அணு பெரிதாகும்போது பிணைப்பு இரட்டைகள் அதிலிருந்து தள்ளிப்போய்விடுகின்றன, அவற்றுக்குள் நெருக்கடி குறைகிறது. 2.5-ஐக் கழிக்கும் வழக்கத்தை நைட்ரஜன், ஆக்சிஜன் வரிசையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஆக்சிஜன் மூலக்கூறில் படமே உண்மையோடு முரண்படுகிறது. O2-வில் 12 எலக்ட்ரான். இரண்டு O நடுவில் இரண்டு புள்ளி, இரண்டு பெருக்கல். ஒவ்வொரு O-விலும் பகிராத இரண்டு ஜோடி. எல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டன, எண்ணிக்கையும் சரி. ஆனால் திரவ ஆக்சிஜனை வலிமையான காந்தத்தின் முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது ஒழுகிப் போகாமல் அங்கேயே தொங்கும். ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருந்தால்தான் அப்படி நடக்கும்; ஆக்சிஜனில் அப்படி இரண்டு இருக்கின்றன. அதை விளக்க மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை வேண்டும், அது மேல்வகுப்புப் பாடம். அதுவரை கேள்வித்தாளில் O2-வின் படத்தைக் கேட்டால், பகிர்வில் நாலு, ஒவ்வொரு O-விலும் நாலு என்றே வரைய வேண்டும். மதிப்பெண் அதற்குத்தான்.